அம்மாவுக்குக் கான்ட்ராஸ்ட் சி.டி.: கிரியேட்டினின் 1.4, பழைய அலர்ஜியும் உண்டு. சென்டரில் என்ன கேட்க வேண்டும்?

வேளச்சேரி வித்யா | திங்கள், காலை 10:12

வணக்கம். அம்மாவுக்கு 67 வயது. பல வருடமாகச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. கொஞ்ச நாளாக எடை குறைகிறது, மேல் வயிற்றில் வலி. அல்ட்ராசவுண்டில் வாயு மறைத்ததால் கணையம் சரியாகத் தெரியவில்லை என்று சர்ஜன் கான்ட்ராஸ்ட் சி.டி., அதாவது நரம்பில் மருந்து ஏற்றி எடுக்கும் ஸ்கேன், எழுதிக் கொடுத்திருக்கிறார். வியாழன் காலை 9 மணிக்கு நேரம் கிடைத்திருக்கிறது.

சென்டரிலிருந்து போனில் சொன்னது: முதல் நாள் இரவு 10 மணியிலிருந்து எதுவும் சாப்பிடக் கூடாது, சர்க்கரை மாத்திரையை நிறுத்த வேண்டும், கிட்னிக்குப் பார்க்கும் கிரியேட்டினின் ரிப்போர்ட் கொண்டு வர வேண்டும். போன வாரம் எடுத்ததில் 1.4. "லேசாகத்தான் கூட இருக்கிறது, பரவாயில்லை" என்று லேபில் சொன்னார்கள்.

என் பயம் வேறு. சில வருடம் முன்பு அம்மாவுக்கு ஒரு சி.டி. எடுத்தபோது ஊசி போட்ட பிறகு உடம்பெல்லாம் தடித்துவிட்டது. அம்மாவுக்கு இறால் சாப்பிட்டாலும் அரிக்கும், அதனால்தான் என்று பெரியம்மா சொல்கிறார். இதை யாரிடம், எப்படிச் சொல்வது? மறுபடி போடலாமா?

---

கே.கே.நகர் மூர்த்தி | திங்கள், காலை 10:40

சிஸ்டர், இறால் ஆகாது என்றால் அயோடின் ஆகாது என்று அர்த்தம். கான்ட்ராஸ்ட் முழுக்க அயோடின்தான். எங்கள் மாமாவுக்கு இதே காரணத்துக்காக டை போடாமல் பிளெய்ன் சி.டி. எடுத்தார்கள். கண்டிப்பாகப் போட வேண்டும் என்றால் டெஸ்ட் டோஸ் கேளுங்கள். கையில் கொஞ்சமாகக் குத்திப் பார்த்து, ஒன்றும் ஆகவில்லை என்றால் தைரியமாகப் போகலாம். அப்புறம் கிரியேட்டினின் 1.4 எல்லாம் ஒன்றுமே இல்லை, எனக்கே 1.3.

---

இருட்டறை சந்தானம் | திங்கள், காலை 11:25

ஃபிலிமை இருட்டறையில் கழுவிய காலத்திலிருந்து ரேடியோகிராஃபர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். டாக்டர் இல்லை. அதை மனதில் வைத்துப் படிக்கவும்.

மூர்த்தி சார், இந்த இறால் கதை எங்கள் துறையிலேயே பல காலம் ஓடியது. பழைய சம்மதப் படிவங்களில் "மீன், இறால் அலர்ஜி உண்டா" என்று அச்சடித்தே இருக்கும். ஆனால் இறால் சாப்பிட்டு அரிப்பது அயோடினால் அல்ல, இறாலின் சதையில் இருக்கும் டிரோபோமயோசின் என்ற புரதத்தால். அயோடின் ஒருவருக்கு ஆகாது என்றால் சமையல் உப்பே ஆகாமல் போக வேண்டும். இறால் அலர்ஜி உள்ளவர்களுக்கும் கொஞ்சம் கூடுதல் வாய்ப்பு உண்டுதான், ஆனால் அது பால், கடலை என்று எந்த அலர்ஜி உள்ளவருக்கும் இருக்கும் கூடுதல்தான். அதற்காக ஊசியைத் தவிர்ப்பது இல்லை.

வித்யாம்மா, நீங்கள் சொன்னதில் முக்கியமானது பெரியம்மா கண்டுபிடித்த காரணம் இல்லை, "போன தடவை ஊசி போட்டபோது தடித்தது" என்ற வரிதான். அதே வகை மருந்துக்கு முன்பே ஒரு முறை உடம்பு எதிர்த்திருந்தால் மறுபடி எதிர்க்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட நன்றாகவே அதிகம். அதனால் இதை மட்டும் துருவிக் கேளுங்கள். ஊசி போட்டு எத்தனை நிமிடத்தில் வந்தது? வெறும் தடிப்பா, மூச்சு இழுத்ததா, குரல் கம்மியதா, மயக்கம் வந்ததா? என்ன ஊசி போட்டுச் சரி செய்தார்கள்? மருந்தின் பெயர் என்ன? இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை.

ஊசி போட்டதும் உடம்பு சூடானது, குமட்டியது, வாயில் உலோக ருசி வந்தது என்பதையும் பலர் "எனக்கு அலர்ஜி" என்று சொல்வார்கள். அது அலர்ஜி இல்லை, மருந்தின் இயல்பு.

---

ஸ்ரீனி அம்பத்தூர் | திங்கள், மதியம் 12:05

எனக்குப் போன மாதம் மூளை ஸ்கேனில் கான்ட்ராஸ்ட் போட்டார்கள். கிரியேட்டினின் கேட்கவே இல்லை, பட்டினியும் இல்லை. ஒன்றும் ஆகவில்லை. இவ்வளவு பயம் தேவையா?

---

இருட்டறை சந்தானம் | திங்கள், மதியம் 12:20

தம்பி, அது எம்.ஆர்.ஐ.யாக இருக்கும். அதில் போடுவது கடோலினியம், அயோடினே கிடையாது. அளவும் 10 மில்லி அக்கம்பக்கம். இங்கே பேசுவது சி.டி., கிட்டத்தட்ட 80 முதல் 100 மில்லி போகும். இரண்டுக்கும் கணக்கு வேறு.

---

வேளச்சேரி வித்யா | திங்கள், மாலை 6:48

சந்தானம் ஐயா, ரொம்ப நன்றி. அம்மாவிடம் நீங்கள் சொன்ன கேள்விகளையே கேட்டேன். ஸ்கேன் முடிந்து மேசையிலிருந்து இறங்கி ஒரு பத்து நிமிடத்தில் கழுத்திலும் வயிற்றிலும் தடிப்புத் தடிப்பாக வந்து அரித்ததாம். மூச்சு இழுக்கவில்லை, மயக்கமும் இல்லை. அவில் ஊசி போட்டு ஒரு மணி நேரம் உட்கார வைத்து அனுப்பினார்களாம். பீரோவில் பழைய ஃபைல் கிடைத்தது. ரிப்போர்ட்டின் கீழே "ஐயோஹெக்சால்" என்று இருக்கிறது.

சென்டருக்குப் போன் செய்தேன். "எங்களிடமும் அதுதான் இருக்கிறது. வேண்டுமானால் ஐயோடிக்சனால் போடலாம், விலை கூட, கிட்னிக்கும் ரொம்ப நல்லது" என்றார்கள். சரி என்று சொல்லிவிடட்டுமா?

---

நைட் டியூட்டி | திங்கள், இரவு 9:30

ரேடியாலஜி பி.ஜி. மாணவன், சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில். நேரில் பார்க்காமல் எழுதுகிறேன். முடிவு உங்கள் டாக்டருடையது.

மேடம், அந்த "சரி"யை நிறுத்தி வையுங்கள். அம்மாவுக்கு முன்பு வந்தது, நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், லேசான வகை உடனடி அலர்ஜி. அப்படி இருந்தால் அடுத்த முறை மருந்தை மாற்றிப் போடுவது நல்ல வழிதான். ஆனால் ஐயோஹெக்சாலுக்குப் பதில் ஐயோடிக்சனால் என்பது அண்ணனை விட்டுவிட்டுத் தம்பியைக் கூப்பிடுகிற மாதிரி. இரண்டின் மூலக்கூறிலும் பக்கச் சங்கிலி ஒன்றேதான். ஐயோடிக்சனால் கிட்டத்தட்ட இரண்டு ஐயோஹெக்சாலைச் சேர்த்துக் கட்டியது. ஒன்றை எதிர்த்த உடம்பு மற்றதையும் அடையாளம் கண்டுகொள்ள வாய்ப்பு உண்டு. பக்கச் சங்கிலி வேறாக இருக்கும் ஐயோபமிடால் போன்றது கிடைக்குமா என்று கேளுங்கள். சில சென்டரில் இருக்காது, முன்கூட்டிச் சொன்னால் வரவழைப்பார்கள்.

"கிட்னிக்கு ரொம்ப நல்லது" என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நரம்பில் போடும் சி.டி.யில், இப்போது புழங்கும் மற்ற மருந்துகளைவிட ஐயோடிக்சனால் சிறுநீரகத்தைத் தெளிவாகக் காப்பாற்றுகிறது என்று உறுதியாகவில்லை.

மூர்த்தி சார் சொன்ன டெஸ்ட் டோஸ் பற்றி: நம் ஊரில் இன்னும் சில இடங்களில் போடுகிறார்கள். ஒரு மில்லிக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதால் 90 மில்லிக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்ல முடியாது. அந்த ஒரு மில்லிக்கே சிலருக்கு மோசமாக வந்திருக்கிறது. பொய்யான தைரியம் கொடுப்பதுதான் அதில் எனக்குப் பிடிக்காதது. அலர்ஜி டாக்டர் முறையாகச் செய்யும் தோல் பரிசோதனை வேறு. அது முன்பு கடுமையாக வந்தவர்களுக்கு.

---

கே.கே.நகர் மூர்த்தி | திங்கள், இரவு 9:52

அப்போ பென்சிலினுக்கு மட்டும் ஏன் சார் குத்திப் பார்க்கிறார்கள்?

---

நைட் டியூட்டி | திங்கள், இரவு 10:10

பென்சிலின் அலர்ஜியில் பெரும் பங்கு ஒரு குறிப்பிட்ட எதிர்ப்புப் புரதம் வழியாக நடக்கிறது, அதைத் தோலில் பார்த்துவிடலாம். கான்ட்ராஸ்ட்டில் பல முறை அந்த இடைத்தரகர் இல்லாமலேயே செல்கள் நேராக வெடித்து ஹிஸ்டமினைக் கொட்டிவிடும். அதனால்தான் வாழ்நாளில் முதல் முறை போடுபவருக்கும் வருகிறது.

---

இருட்டறை சந்தானம் | செவ்வாய், காலை 7:15

டாக்டர் தம்பி மருந்தை மாற்றச் சொன்னது சரி. ஆனால் முன் மருந்தை விட்டுவிட்டார். எங்கள் காலத்தில் பழைய அலர்ஜி என்றால் பிரெட்னிசோலோன் இல்லாமல் மேசையில் ஏற்றவே மாட்டோம். ஸ்கேனுக்கு 13 மணி நேரம், 7 மணி நேரம், 1 மணி நேரம் முன்பு, ஒவ்வொரு தடவையும் 50 மி.கி. கடைசி மாத்திரையோடு அலர்ஜி ஊசி ஒன்று. வியாழன் காலை 9 மணி ஸ்கேன் என்றால் புதன் இரவு 8 மணி, நடுநிசி 2 மணி, காலை 8 மணி. அந்த 2 மணி மாத்திரைக்கு அலாரம் வைக்காமல் விடுவார்கள். காலையில் வந்து "இரண்டையும் சேர்த்துப் போட்டுவிட்டேன்" என்பார்கள். அதில் பிரயோசனம் இல்லை. ஸ்டீராய்டு வேலை செய்ய மணிக்கணக்கு வேண்டும்.

டாக்டர் சீட்டு இல்லாமல் இதைக் கடையில் வாங்கிச் சாப்பிட்டுவிடாதீர்கள் அம்மா.

---

நைட் டியூட்டி | செவ்வாய், மதியம் 1:40

சந்தானம் சார் சொன்ன கணக்கு சரியானது, இன்றும் புழக்கத்தில் இருப்பதுதான். ஆனால் முன்பு லேசாகத் தடித்தவர்களுக்கு ஸ்டீராய்டு வேண்டாம், மருந்தை மாற்றினாலே போதும் என்ற கருத்து இப்போது வலுத்துவிட்டது. அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. 150 மி.கி. பிரெட்னிசோலோன் போனால் இரண்டு நாளைக்குச் சர்க்கரை எகிறும். இன்னொன்று, ஸ்டீராய்டு போட்டாலும் சிலருக்கு அலர்ஜி வரத்தான் செய்கிறது. முன்பு மூச்சுத் திணறலோ பிரஷர் இறக்கமோ வந்திருந்தால் நான் இப்படிப் பேச மாட்டேன்.

எதுவானாலும் ஸ்கேன் செய்யும் இடத்தின் ரேடியாலஜிஸ்ட் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியது. டெக்னீஷியனிடம் காலை 8:55க்குச் சொல்லக் கூடாது.

---

இருட்டறை சந்தானம் | செவ்வாய், மதியம் 2:05

சர்க்கரை ஏறினால் இறக்கலாம். தொண்டை அடைத்தால் என்ன செய்வீர்கள்? நான் பார்த்திருக்கிறேன் தம்பி. பழைய அயனிக் மருந்துக் காலம்தான், ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் என் மனது ஒப்பவில்லை.

---

நைட் டியூட்டி | செவ்வாய், மதியம் 2:30

அட்ரினலின், சார். தொடைத் தசையில் அரை மில்லி. அது அறையிலேயே இருக்க வேண்டும், அதைப் போடத் தெரிந்த டாக்டரும் கட்டடத்தில் இருக்க வேண்டும். வித்யா மேடம், ஸ்டீராய்டு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் இந்த ஒரு கேள்வியைச் சென்டரில் கேளுங்கள்: "9 மணிக்கு டாக்டர் இருப்பாரா, படத்தைத் தூரத்திலிருந்து பார்த்துத்தான் ரிப்போர்ட் கொடுப்பாரா?" பழைய அலர்ஜி உள்ளவருக்கு டாக்டர் இல்லாத நேரத்தில் ஊசி வேண்டாம்.

இப்போது கிரியேட்டினின். மூர்த்தி சாரின் 1.3ஐயும் அம்மாவின் 1.4ஐயும் பக்கத்தில் வைக்கவே கூடாது. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. தசை குறைந்த வயதான பெண்மணிக்கு 1.4 என்பது வேறு கதை. வயதையும் பாலினத்தையும் சேர்த்து, சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற ஒன்றைக் கணக்கிடுகிறோம். 2021 சூத்திரத்தில் போட்டால் அதே 1.4க்கு 30 வயது ஆணுக்கு 69 வருகிறது, 67 வயது ஆணுக்கு 55, உங்கள் அம்மாவுக்கு 41. லேபில் "லேசாகக் கூட" என்றது எண்ணைப் பார்த்து. ஆளைப் பார்த்தால் சிறுநீரகத்தின் வேலை பாதி அளவுக்கும் கீழே வந்திருக்கிறது.

அதற்காகப் பயப்பட வேண்டாம். கான்ட்ராஸ்ட்டால் ஆபத்து என்று உண்மையில் கவலைப்படுவது 30க்குக் கீழே. 30 முதல் 44 வரை, ஆளைப் பார்த்து முடிவு செய்யும் இடம். ஆனால் இந்தக் கணக்கு எல்லாம் கிரியேட்டினின் ஒரே இடத்தில் நிற்கும்போதுதான் செல்லும். அது ஏறிக்கொண்டிருந்தால் 41 என்பதே பொய். அம்மாவுக்கு முன்பு எடுத்த ரிப்போர்ட் இருக்கிறதா? புதிதாக ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா? முக்கியமாக வலி மாத்திரை?

---

வேளச்சேரி வித்யா | செவ்வாய், இரவு 8:20

எட்டு மாதம் முன்பு 1.1 இருந்திருக்கிறது.

வலி மாத்திரை பற்றிக் கேட்டதும் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். முட்டி வலிக்குத் தெரு முனைக் கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கி மூன்று நான்கு வாரமாகத் தினம் இரண்டு போட்டுக்கொண்டிருக்கிறார். பாத்ரூம் போக வேண்டியிருக்கும் என்று இந்த வெயிலில் தண்ணீரும் சரியாகக் குடிப்பதில்லை.

---

நைட் டியூட்டி | செவ்வாய், இரவு 9:05

அதுதான். 1.1 என்பது அவருக்கு 55. அங்கிருந்து 41க்கு வந்திருக்கிறது, காரணம் அந்த மாத்திரையும் தண்ணீர்ப் பஞ்சமுமாக இருக்கலாம். டைக்ளோஃபெனாக் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். அதே நாளில் கான்ட்ராஸ்ட்டும் போனால் இரண்டு அடி. நாளைக்கே சர்ஜனிடம் போங்கள். "மாத்திரையை நிறுத்திச் சில நாள் கழித்து கிரியேட்டினின் மறுபடி பார்த்துவிட்டு ஸ்கேன் எடுக்கலாமா, இல்லை தள்ள முடியாத அவசரமா" என்று நேராகக் கேளுங்கள். தள்ளக் கூடாத காரணம் அவரிடம் இருந்தால் தள்ளக் கூடாது. 41 ஒன்றும் தடை இல்லை.

---

தாம்பரம் மருந்துக்கடை | செவ்வாய், இரவு 9:40

கடைக்காரன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன் அக்கா. "சர்க்கரை மாத்திரையை நிறுத்து" என்றார்களே, எந்த மாத்திரை? அவர்கள் நினைப்பது மெட்ஃபார்மின். நம் ஊரில் அது தனியாகவும் வரும். கிளிமிபிரைடோடு சேர்த்து ஒரே மாத்திரையாகவும் வரும். அட்டையின் பின்னால் சின்ன எழுத்தில் பாருங்கள். சேர்த்து வரும் மாத்திரையை நிறுத்தினால் இரண்டும் நிற்கும், சர்க்கரை ஏறும். நிறுத்தாமல், பட்டினியாக இருக்கும்போது போட்டால் கிளிமிபிரைடு சர்க்கரையைத் தரையில் தள்ளிவிடும். ஸ்கேன் சென்டர் வாசலில் வேர்த்துக் கொட்டி உட்காருபவர்களில் பாதிப் பேர் கதை இதுதான். டாக்டரிடம் அட்டையோடு போய்க் கேளுங்கள்.

---

இருட்டறை சந்தானம் | புதன், காலை 6:50

மெட்ஃபார்மின் ஸ்கேனன்று நிறுத்தி, 48 மணி நேரம் கழித்து கிரியேட்டினின் பார்த்துத்தான் மறுபடி தொடங்க வேண்டும். இதில் மாற்றுப் பேச்சே கிடையாது.

---

நைட் டியூட்டி | புதன், காலை 8:15

மாற்றுப் பேச்சு இருக்கிறது சார். மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. சிறுநீரகம் திடீரென்று படுத்தால் அது வெளியேறாமல் தேங்கி ரத்தத்தில் அமிலம் கூடும் என்பதுதான் பயம். ஈ.ஜி.எஃப்.ஆர். 30க்கு மேல் நிலையாக இருந்து நரம்பில்தான் ஊசி என்றால் நிறுத்தவே வேண்டாம் என்று அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி சொல்கிறது. அதே அமெரிக்காவில் மருந்தின் லேபிளில் 30 முதல் 60 வரை உள்ளவர்கள் நிறுத்த வேண்டும் என்று அச்சாகி இருக்கிறது. இரண்டும் இருப்பதால் சென்டருக்கு ஒரு விதி. வித்யா மேடத்தின் அம்மா இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். அவருடைய கிரியேட்டினின் இப்போது நிலையாக இல்லாததால், இந்த முறை நிறுத்துவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஆனால் ஸ்கேனுக்கு இரண்டு நாள் முன்பிருந்தே நிறுத்த வேண்டும் என்று இந்த இரண்டிலும் இல்லை. நிறுத்துவதானால் ஸ்கேன் நேரத்திலிருந்து.

---

அயனாவரம் பானு | புதன், காலை 11:00

யாரும் கையைப் பற்றிப் பேசவில்லையே. எனக்குப் போன வருடம் ஒரு சென்டரில் புறங்கையில் ஊசி வைத்தார்கள். மெஷின் மருந்தைத் தள்ளியதும் கை பலூன் மாதிரி வீங்கிவிட்டது. எரிச்சல் தாங்க முடியவில்லை. "வலிக்கிறது" என்று கத்தினேன், "சூடாகத்தான் இருக்கும், அசையாதீங்க" என்று மைக்கில் பதில் வந்தது. மருந்து நரம்புக்கு வெளியே போய்விட்டதாம். ஸ்கேனும் வீண். ஒரு வாரம் கையைத் தூக்க முடியவில்லை.

---

இருட்டறை சந்தானம் | புதன், காலை 11:35

பானும்மா, உங்களுக்கு நடந்தது தப்பு. கணையத்துக்கு எடுக்கும் சி.டி.யில் மருந்து விநாடிக்கு 4, 5 மில்லி வேகத்தில் போகும். புறங்கையின் மெல்லிய நரம்பு அதைத் தாங்காது. முழங்கை மடிப்பில் 20 நம்பர், அதாவது நரம்பில் வைக்கும் பிங்க் கலர் ஊசிக் குழாயான வென்ஃப்ளான், முடிந்தால் 18 நம்பர் பச்சை. முதலில் சலைனை அதே வேகத்தில் தள்ளிப் பார்த்து, பக்கத்தில் ஒருவர் விரல் வைத்துப் பார்க்க வேண்டும்.

வித்யாம்மா, அம்மாவிடம் வித்தியாசத்தைச் சொல்லி வையுங்கள். தொண்டையில் தொடங்கி அடிவயிறு வரைக்கும் சூடு பரவும், சிறுநீர் போய்விட்டது போலவே இருக்கும், போயிருக்காது. அரை நிமிடத்தில் அடங்கும். அது சரி. ஊசி குத்திய இடத்திலேயே எரிந்தால், இறுகினால், உடனே கத்த வேண்டும். தெரியாமல் போனால் பயந்து அசைந்துவிடுவார், படம் கெடும்.

அப்படி வெளியே போய்விட்டால் கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைத்து ஐஸ் ஒத்தடம். பெரும்பாலும் தானே வடியும். வலி குறையாமல் கூடினால், விரல் மரத்தால், தோலில் கொப்புளம் வந்தால், வீட்டுக்குப் போகாமல் அங்கேயே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

---

பெரம்பூர் ஜோசப் | புதன், மதியம் 12:50

என் அப்பா டயாலிசிஸில் இருக்கிறார். அவருக்குக் கான்ட்ராஸ்ட்டே கூடாது என்று ஓரிடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். போட்டால் அன்றே டயாலிசிஸ் செய்ய வேண்டுமா?

---

நைட் டியூட்டி | புதன், மதியம் 1:30

அப்பாவுக்குச் சிறுநீர் அறவே போவதில்லை என்றால் கான்ட்ராஸ்ட் கெடுக்க அங்கே மிச்சம் ஏதுமில்லை, போடலாம். அதற்காக அவசர டயாலிசிஸ் தேவையில்லை, வழக்கமான நாளில் போதும். இன்னும் ஓரளவு சிறுநீர் போகிறது என்றால் அந்த மிச்சத்தைக் காப்பாற்ற வேண்டும், நெஃப்ராலஜிஸ்ட்டைக் கேட்டுவிடுங்கள். டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்து வைத்த ஃபிஸ்டுலா இருக்கும் கையில் மட்டும் ஊசி குத்த விடாதீர்கள்.

---

வேளச்சேரி வித்யா | வியாழன், இரவு 9:10

சர்ஜனைப் பார்த்தேன். சில நாள் தள்ளலாம் என்றார். டைக்ளோஃபெனாக் நிறுத்தியாயிற்று, முட்டிக்குப் பாராசிட்டமால். எக்கோவில் இதயம் நன்றாக இருப்பதால் தண்ணீருக்குக் கட்டுப்பாடு இல்லை, ஒரு நாளைக்கு இரண்டு லிட்டருக்குக் குறையக் கூடாது என்றார். அடுத்த செவ்வாய்க்கு ஸ்கேன், திங்களன்று கிரியேட்டினின்.

ரேடியாலஜிஸ்ட்டிடமும் பேசினேன். பழைய ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு ஐயோபமிடால் வரவழைப்பதாகச் சொன்னார். ஸ்டீராய்டு வேண்டாம், ஒரு மணி நேரம் முன்பு அலர்ஜி மாத்திரை மட்டும். சந்தானம் ஐயா கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

பட்டினியும் மாறியது. நான்கு மணி நேரம் திட உணவு வேண்டாம், தண்ணீர் குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும் என்றார். காலை 5 மணிக்கு இரண்டு இட்லி, 9 மணிக்கு ஸ்கேன். காலை மாத்திரை ஸ்கேனுக்குப் பிறகும் கிடையாது. இரண்டு நாளைக்கு மெட்ஃபார்மின் இல்லாத வேறு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

---

இருட்டறை சந்தானம் | வியாழன், இரவு 9:45

கோபம் எதற்கு? ஊசி போட்டதும் வென்ஃப்ளானைக் கழற்ற விடாதீர்கள். பெரும்பாலும் முதல் 20 நிமிடத்தில்தான் வரும். அரை மணி நேரம் எல்லோருக்கும், உங்கள் அம்மாவுக்கு ஒரு மணி நேரம், ஊசி வழி கையிலேயே இருக்கட்டும். ஏதாவது ஆனால் அந்த நேரத்தில் நரம்பு தேடுவது பெரும்பாடு.

---

வேளச்சேரி வித்யா | அடுத்த வியாழன், இரவு 8:30

திங்கள் கிரியேட்டினின் 1.2. செவ்வாய் ஸ்கேன் நல்லபடியாக முடிந்தது, ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம், தடிப்பு இல்லை. இன்று காலை கிரியேட்டினின் 1.3. மறுபடி ஏறுகிறதே என்று வயிற்றைக் கலக்குகிறது. அதோடு இன்று மாலை முதுகிலும் கையிலும் சிவப்புச் சிவப்பாகப் புள்ளி, அரிப்பு. மூச்சுக்கு ஒன்றும் இல்லை. இது அதுவா?

---

கே.கே.நகர் மூர்த்தி | அடுத்த வியாழன், இரவு 8:41

இறால் ஏதாவது சாப்பிட்டாரா சிஸ்டர்?

---

நைட் டியூட்டி | அடுத்த வியாழன், இரவு 9:20

சார், விடுங்கள்.

மேடம், 1.2க்கும் 1.3க்கும் இடையே இருப்பது லேபின் ஏற்ற இறக்கத்துக்குள் அடங்கும். இரண்டு நாளுக்குள் 0.3 ஏறினால்தான் சிறுநீரகம் அடிபட்டது என்று கணக்கு. அப்படி ஏறுகிறவர்களுக்கும் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நாளில் உச்சிக்குப் போய், ஒரு வாரம் பத்து நாளில் இறங்கிவிடும். சிறுநீர் குறைந்தாலோ கால் வீங்கினாலோ காத்திருக்க வேண்டாம். மெட்ஃபார்மினைத் தொடங்கலாமா என்று இந்த ரிப்போர்ட்டோடு டாக்டரைக் கேளுங்கள்.

தடிப்பு, தாமத அலர்ஜியாக இருக்கலாம். ஊசி போட்டு ஒரு மணி நேரத்திலிருந்து ஒரு வாரம் வரை வரும். முன்பு வந்ததற்கும் இதற்கும் வழியே வேறு, இது டி செல்களின் வேலை. பெரும்பாலும் சில நாளில் தானே மறையும், அரிப்புக்கு டாக்டர் மாத்திரை கொடுப்பார். புதிதாகத் தொடங்கிய அந்தச் சர்க்கரை மாத்திரையையும் அவரிடம் சொல்லுங்கள், அதுவாகவும் இருக்கலாம். காய்ச்சல், வாயிலோ கண்ணிலோ புண், தோலில் கொப்புளம், தோல் உரிதல் இதில் எது வந்தாலும் இரவானாலும் அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள். இப்போதே வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வையுங்கள். டாக்டர் பார்க்கும்போது மறைந்திருக்கும்.

---

வேளச்சேரி வித்யா | அடுத்த வியாழன், இரவு 9:50

போட்டோ எடுத்துவிட்டேன். காய்ச்சல் இல்லை, வாயில் புண் இல்லை. காலையில் டாக்டரிடம் போகிறோம். ஆனால் ஒன்று புரியவில்லை. ஆறு மாதத்தில் மறுபடி சி.டி. எடுக்க வேண்டியிருக்கும் என்று சர்ஜன் சொன்னார். ஐயோஹெக்சாலும் ஆகாது, ஐயோபமிடாலும் ஆகாது என்றால் அப்போது எதைப் போடுவது?

---

இருட்டறை சந்தானம் | அடுத்த வியாழன், இரவு 10:15

இப்போது அலர்ஜி டாக்டரிடம் தோல் பரிசோதனைக்குப் போகலாம் என்பது என் எண்ணம். எந்த மருந்துக்கு எதிர்ப்பில்லை என்று தெரிந்துகொண்டு அதைப் போடலாம். அல்லது எம்.ஆர்.ஐ.யில் கணையம் நன்றாகவே தெரியும்.

---

நைட் டியூட்டி | அடுத்த வியாழன், இரவு 10:40

லேசான தாமதத் தடிப்புக்குத் தோல் பரிசோதனை அவசியமா என்பதில் எனக்குச் சந்தேகம் சார். அது மாத்திரையால் வந்ததா ஊசியால் வந்ததா என்றே இன்னும் தெரியவில்லை. எம்.ஆர்.ஐ. யோசனை நல்லது, சர்ஜனுக்கு எது போதும் என்பதைப் பொறுத்தது. மேடம், இப்போதைக்கு ஒரு தாளில் இரண்டு மருந்துப் பெயரும், போட்ட தேதியும், எத்தனை மணி நேரத்தில் என்ன வந்தது என்பதும் எழுதி, அம்மாவின் ஃபைலில் முதல் பக்கமாக வையுங்கள். "கான்ட்ராஸ்ட் அலர்ஜி" என்று மட்டும் எழுதினால் அடுத்த இடத்தில் யாருக்கும் ஒன்றும் விளங்காது.

---

பெரம்பூர் ஜோசப் | அடுத்த வியாழன், இரவு 11:05

அப்பாவுக்கு ஃபிஸ்டுலா இடது கையில். வலது கையில் நரம்பே கிடைப்பதில்லை, டயாலிசிஸ் லைன் கழுத்தில் இருக்கிறது. அந்த லைனிலேயே கான்ட்ராஸ்ட் போடலாமா?

---

இருட்டறை சந்தானம் | அடுத்த வியாழன், இரவு 11:20

மெஷின் அழுத்தத்துக்குத் தயாரித்த லைன் என்று அதன் மேலேயே எழுதியிருந்தால் ஒழிய, சி.டி. இன்ஜெக்டரை அதில் மாட்ட விடாதீர்கள் சார். உடைந்து போகும். நெஃப்ராலஜி யூனிட்டைக் கேட்காமல் அந்த லைனை ஸ்கேன் அறையில் யாரும் திறக்கவும் கூடாது. அல்ட்ராசவுண்ட் வைத்து மேல் கையில் நரம்பு பிடிப்பார்கள், அதைக் கேளுங்கள்.